எதில் 75 சதவீதம்?

கட்டட முன்னேற்றத்தைக் காட்டும் ஸ்லைடுகளை, நம்பி வாசிக்கக்கூடிய சைட் அறிக்கையாக மாற்றுவது எப்படி?

2025 பிப்ரவரி முதல் ஞாயிறு. சென்னைப் புறநகரில் பாதி முடிந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தும் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். பூசாத சுவரில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரில் ஸ்லைடுகள் ஓடுகின்றன. வீடு வாங்கிய பதினாறு குடும்பங்களுக்கும் மாத முன்னேற்றத்தை விளக்குகிறார் சைட் இன்ஜினியர். முதல் ஸ்லைடில் பச்சை வட்டத்துக்குள் பெரிய எழுத்தில் ‘ஒட்டுமொத்த முன்னேற்றம் 75%’. இருபத்து நான்காவது ஸ்லைடில் ‘ஒப்படைப்பு: ஜூன் 30, 2025’.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டார்: “அந்த எழுபத்தஞ்சு எதுல எழுபத்தஞ்சு, தம்பி?”

“மொத்த வேலையிலதாம்மா.”

“மொத்தம்னா எது எதைச் சேர்த்து?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த எண் அலுவலகத்திலிருந்து அப்படியே வந்தது. கடன் கொடுத்த வங்கியிலும் வாங்கியவர்கள் சங்கத்திலும் நாளை அந்த 75ஐ வைத்துத்தான் பேசப்போகிறார்கள். அதனால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போவதுதான் இந்த வேலையின் தொடக்கம். பிபிடியில் இருப்பதை வரிசை மாற்றி வேர்டில் ஒட்டினால் அறிக்கை ஆகிவிடாது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் அதன் ‘எதில்’ தெரிய வேண்டும். ஒவ்வொரு தாமதக் காரணத்துக்கும் அதைச் சொன்னவர் யார், எந்த நாட்களுக்காகச் சொன்னார் என்பது தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த சைட் அறிக்கை இந்த இரண்டும்தான்.

இங்கே நான் சொல்லும் கட்டடம் ஒரே ஒரு கட்டடம் அல்ல. பல சைட்டுகளில் பார்த்ததை ஒன்றாகச் சேர்த்து, கணக்குக்கு எளிதாக எண்களை முழுமைப்படுத்தியிருக்கிறேன். கார் நிறுத்தும் தளத்துக்கு மேல் நான்கு மாடிகள், மாடிக்கு நான்கு வீடுகள்.

ஸ்லைடு இல்லாத வேலை

முதலில் ஒரு கணக்கு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிபிடியின் அட்டையில் ‘ஜனவரி 2025’ என்றுதான் இருந்தது. உள்ளே சில படங்கள் ஜனவரி நடுவில் எடுத்தவை, ஒரு பட்டியல் டிசம்பர் கடைசியில் தயாரித்தது. இப்படிக் கலந்து கிடப்பதை ஒரே நாளுக்குக் கொண்டுவராவிட்டால், பூச்சுவேலை ஒரு மாதத்தின் கணக்காகவும் டைல்ஸ் இன்னொரு மாதத்தின் கணக்காகவும் போய்விடும். நாம் ஜனவரி 31 மாலை என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நடந்த எதுவும் இந்த அறிக்கையில் வராது.

அடுத்து, பிபிடி சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் அதன் ஸ்லைடு எண்ணோடு ஒரு தாளில் இறக்கினோம். அஸ்திவாரம் 100. தூண், உத்திரம், ஸ்லாப் சேர்ந்த கான்கிரீட் சட்டகம் 100. சுவர்க்கட்டு 90. பூச்சு 70. மின்சாரமும் குழாயும் 60. தரை, கதவு, பெயிண்ட் 30. ஆறு வேலைகளையும் கூட்டினால் 450. ஆறால் வகுத்தால் 75. ஆசிரியை கேட்ட கேள்விக்கு முதல் பாதி விடை இதில் கிடைத்துவிட்டது. அந்த எண் ஆறு ஸ்லைடுகளின் சராசரி.

இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, எஸ்டிமேட்டில் ஏழாவதாக ஒரு தலைப்பு உண்டு. லிஃப்ட், காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி, வாசல் தரை முதலான வெளிவேலைகள் அதில் வருகின்றன. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. தொடங்காததால் அதற்கு ஸ்லைடு இல்லை. ஸ்லைடு இல்லாததால் அது சராசரிக்குள் வரவே இல்லை. அதையும் சேர்த்து ஏழால் வகுத்தால் 64தான் வரும். தொடங்காத வேலை கணக்கிலிருந்து தானாகவே காணாமல் போவது முன்னேற்ற பிபிடிகளில் அடிக்கடி நடக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. காட்டுவதற்குப் படம் இல்லாத வேலைக்கு யாரும் ஸ்லைடு போடுவதில்லை, அவ்வளவுதான். ஆகவே பிபிடியை எஸ்டிமேட்டின் தலைப்புகளோடு வரிசையாக ஒப்பிட்டு, எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம்.

இரண்டாவது கோளாறு, எல்லா வேலையையும் ஒரே எடையாகப் பார்த்தது. நூறு ரூபாய்க் கட்டடத்தில் சட்டகத்துக்கு 30 ரூபாய் ஆகிறது, பூச்சுக்கு 10 ரூபாய்தான் ஆகிறது என்றால், இரண்டையும் சமமாக வைத்துச் சராசரி எடுப்பது சரியாகாது. எஸ்டிமேட்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் உள்ள தொகையை மொத்தத் தொகையால் வகுத்தால் அதன் பங்கு கிடைக்கும். ஒரு தலைப்பின் சதவீதத்தை அதன் பங்கால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எக்செல் தாளில் B பத்தியில் பங்கும் C பத்தியில் சதவீதமும் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B8,C2:C8)/SUM(B2:B8)
```

பிபிடியின் எண்களையே இதில் போட்டபோது 73.6 வந்தது. 75க்கு மிக அருகில்தானே என்று தோன்றும். அது தற்செயல். வெளிவேலையை விட்டது எண்ணைத் தூக்கியது, பெரிய பங்குள்ள சட்டகத்தைச் சாதாரணமாக எடைபோட்டது எண்ணைத் தாழ்த்தியது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன. அடுத்த மாதம் ஈடுகட்டாமலும் போகலாம்.

எண்ணிப் பார்க்கப் போனால்

இதுவரை செய்தது மேசைக் கணக்கு. பிபிடியில் இருக்கும் 90, 70, 60 என்பவை சரியா என்பதை மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. தாளையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டும். இங்கே ஒரே விதிதான். கண்ணால் பார்த்து ‘எழுபது இருக்கும்’ என்று மதிப்பிடக் கூடாது. எண்ணக்கூடியதை எண்ண வேண்டும், அளக்கக்கூடியதை அளக்க வேண்டும்.

சட்டகம் 100 என்றது பிபிடி. மொட்டைமாடி ஸ்லாப் வரை ஐந்து ஸ்லாபும் போட்டாகிவிட்டது உண்மை. ஆனால் எஸ்டிமேட்டில் சட்டகத்துக்குள்ளேயே மேல்நிலைத் தொட்டியும் படிக்கட்டின் தலைக்கூரையும் லிஃப்ட் அறையும் இருந்தன. அவை இன்னும் எழவில்லை. அவற்றின் பங்கு 2. ஆகவே 30ல் 28.

சுவர்க்கட்டு 90 என்றது. முதல் மூன்று மாடிகளில் பன்னிரண்டு வீடுகளுக்கும் சுவர் முடிந்திருந்தது. நான்காம் மாடியில் வெளிச்சுவர் மட்டும் கொஞ்சம் எழும்பியிருந்தது. எண்ணினால் 80 வந்தது.

பூச்சு 70 என்பதில்தான் ‘எதில்’ என்ற கேள்வி நன்றாக வேலை செய்தது. உள்பூச்சு மொத்தம் 50,000 சதுர அடி, அதில் 35,000 முடிந்திருந்தது. 70 என்பது மிகச் சரி. ஆனால் எஸ்டிமேட்டில் வெளிப்பூச்சு 20,000 சதுர அடி தனியாக இருந்தது. அதற்கு இன்னும் சாரம்கூடக் கட்டவில்லை. மொத்தம் 70,000ல் 35,000 என்றால் 50தான். வெளிப்பூச்சுக்குச் சாரமும் கூடுதல் கனமும் வேண்டும் என்பதால் சதுர அடிக்குச் செலவு அதிகம். ஆகவே இந்த 50கூடக் கொஞ்சம் தாராளமான கணக்குத்தான். ஸ்லைடில் ‘உள்பூச்சு 70%’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள்.

மின்சாரமும் குழாயும் 60 என்பதில் வேறு ஒரு வகைச் சிக்கல். சுவருக்குள் பதிக்கும் குழாய்கள் மூன்று மாடிகளில் முடிந்திருந்தன. ஒயர் மூட்டைகளும் சுவிட்ச் பெட்டிகளும் ஸ்டோர் அறையில் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பில் வந்துவிட்டதால் அலுவலகம் அவற்றை முடிந்த வேலையாகச் சேர்த்துவிட்டது. சைட்டுக்கு வந்த பொருள் வேறு, பொருத்திய பொருள் வேறு. வந்து இறங்கியதை மதிப்பில்லை என்று தள்ள வேண்டியதில்லை. அறிக்கையில் அதற்குத் தனி வரி கொடுக்கலாம். முன்னேற்றத்தில் மட்டும் கலக்கக் கூடாது. பொருத்தியதை மட்டும் எடுத்தால் 15ல் 5 வந்தது.

தரை, கதவு, பெயிண்ட் தலைப்பில் முதல் மாடியின் நான்கு வீடுகளில் டைல்ஸ் போட்டிருந்தார்கள், சில நிலைகள் வைத்திருந்தார்கள். 12ல் 2. எல்லாம் சேர்ந்து இப்படி வந்தது:

| வேலை | பங்கு | பிபிடி சொன்ன % | சைட்டில் கிடைத்த பங்கு |
|---|---|---|---|
| அஸ்திவாரம் | 15 | 100 | 15 |
| கான்கிரீட் சட்டகம் | 30 | 100 | 28 |
| சுவர்க்கட்டு | 10 | 90 | 8 |
| பூச்சு | 10 | 70 | 5 |
| மின்சாரம், குழாய் | 15 | 60 | 5 |
| தரை, கதவு, பெயிண்ட் | 12 | 30 | 2 |
| லிஃப்ட், வெளிவேலை | 8 | ஸ்லைடு இல்லை | 0 |
| மொத்தம் | 100 | 75 | 63 |

அறிக்கையில் 63 மட்டும் போதாது. 75ம் அருகிலேயே இருக்க வேண்டும், இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும். அப்போதுதான் வாசிப்பவர் சண்டைக்குப் போகாமல் கேள்விக்குப் போவார்.

பிபிடியில் வரும் படங்களையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். மூன்றாவது மாடி டைல்ஸ் என்று தலைப்பிட்ட படத்தில் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் காம்பவுண்டு சுவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் அது தரைக்கு அருகிலுள்ள மாடி. போன மாதப் படமும் இந்த மாதப் படமும் ஒன்றேயா என்பதை, கிடக்கும் செங்கல் அடுக்கையும் நிழலின் திசையையும் வைத்துப் பார்த்துவிடலாம். ஸ்லாபுக்குக் கீழே முட்டுகள் இருக்கின்றனவா என்பதும் தேதி சொல்லும். தூணுக்குத் தூண் நாலரை மீட்டருக்குள் உள்ள ஸ்லாபுக்கு முட்டுகளை ஏழு நாளாவது வைத்திருக்க வேண்டும், அதைவிட அகலமென்றால் பதினான்கு நாள் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. சாதாரண சிமென்ட்டுக்குச் சொன்ன கணக்கு அது. போட்டு ஐந்தாம் நாள் என்று குறித்த படத்தில் முட்டே இல்லை என்றால் தேதி தவறு, அல்லது அதைவிடப் பெரிய தவறு ஒன்று நடந்திருக்கிறது.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. பங்கு என்பது பணத்தின் பங்கு, காலத்தின் பங்கு அல்ல. 15 பங்குள்ள அஸ்திவாரம் இரண்டு மூன்று மாதத்தில் முடியலாம். 12 பங்குள்ள தரை, கதவு, பெயிண்ட் வேலை அதைவிட அதிக மாதம் இழுக்கலாம். 63 முடிந்துவிட்டது என்பதால் காலத்திலும் 63 பங்கு தாண்டிவிட்டோம் என்று எண்ணக் கூடாது. காலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

நாற்பத்தைந்து நாள் எங்கே போனது?

பத்தொன்பதாவது ஸ்லைடின் தலைப்பு ‘தாமதங்கள்’. மொட்டைமாடி ஸ்லாப் 45 நாள் தாமதம் என்று சொல்லி, கீழே நான்கு புள்ளிகள். மழை 30 நாள். ஆள் பற்றாக்குறை 25 நாள். எம்-சாண்ட் தட்டுப்பாடு 20 நாள். வாடிக்கையாளர் கேட்ட மாற்றங்கள் 15 நாள். கூட்டினால் 90. தாமதமோ 45.

பார்த்தவுடன் பொய் என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இரண்டு காரணங்கள் ஒரே நாட்களில் நடந்திருக்கலாம். மழை பெய்த நாளில் ஆளும் இல்லாமல் போயிருக்கலாம். சில காரணங்கள் வேறொரு வேலையைத் தாமதப்படுத்தியிருக்கலாம். ஒரே நாளை இரண்டு முறை எண்ணுவதும், ஒரு வேலையின் தாமதத்தை இன்னொரு வேலையில் ஏற்றுவதும் இந்த ஸ்லைடுகளில் வழக்கமாக வரும் குழப்பங்கள். அதைப் பிரித்தெடுக்க முதலில் இரண்டு தேதிகள் வேண்டும். கால அட்டவணைப்படி அந்த ஸ்லாப் 2024 அக்டோபர் 20ல் போட்டிருக்க வேண்டும். ரெடிமிக்ஸ் சலானின்படி டிசம்பர் 4ல் போட்டார்கள். இடைவெளி 45 நாள். தாமதத்தின் அளவு சரி.

பிறகு சைட் டைரி, கேட் ரிஜிஸ்டர், ஆள் வருகைப் பதிவு மூன்றையும் விரித்து நாள் நாளாகப் பார்த்தோம். மழையால் வேலை இல்லை என்று டைரியில் எழுதியிருந்தது அக்டோபர் 15 முதல் 18 வரை நான்கு நாள், நவம்பர் 29 முதல் டிசம்பர் 2 வரை நான்கு நாள். முதலாவது, சென்னையில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட அந்தப் பெருமழை. இரண்டாவது, நவம்பர் 30ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல். வானிலைத் துறையின் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவுகளோடு இவற்றை ஒப்பிடலாம். ஒப்பிடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு தேதிக்கு எதிரே இருக்கும் மழை அளவு, அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் பெய்தது. 16ஆம் தேதிக்கு எதிரே இருக்கும் மழையில் பெரும்பகுதி 15ஆம் தேதி பெய்திருக்கும். இது தெரியாமல் டைரியை ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளிப்போய், டைரி எழுதியவர் மேல் வீணாகச் சந்தேகம் வரும்.

ஆக, மழை 8 நாள். ஸ்லைடில் இருந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, அந்த இரண்டு மாதத்தில் மழை பெய்த நாட்கள் எல்லாவற்றையும் எண்ணினார்கள் என்று தெரிந்தது. வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டர் பெய்தாலே அதை மழைநாளாகக் கணக்கிடுகிறது. மாலையில் கொஞ்ச நேரம் பெய்து ஓய்ந்த நாளில் காலையெல்லாம் கம்பி கட்டியிருக்கலாம். உள்பூச்சு நாள் முழுக்க நடந்திருக்கலாம். மழை பெய்த நாள் வேறு, மழையால் நின்ற நாள் வேறு.

ஆள் பற்றாக்குறைக்கு வருகைப் பதிவே சான்று. சென்ட்ரிங் அடிப்பவர்களும் கம்பி கட்டுபவர்களும் பெரும்பாலும் பீகார்க்காரர்கள். அக்டோபர் 31 தீபாவளி, அதற்கு ஏழு நாள் கழித்து நவம்பர் 7ல் சத் பூஜை. அவர்கள் அக்டோபர் 28ல் ஊருக்குப் போய் நவம்பர் 18ல் திரும்பினார்கள். 21 நாள். ஸ்லைடு சொன்ன 25க்கு இது அருகில்தான் இருக்கிறது.

எம்-சாண்ட் தட்டுப்பாடு உண்மையிலேயே இருந்தது. கேட் ரிஜிஸ்டரில் லாரி வராத நாட்கள் தெரிகின்றன. ஆனால் ஸ்லாபுக்கான கான்கிரீட் ரெடிமிக்ஸ் ஆலையிலிருந்து வந்தது. சைட்டில் எம்-சாண்ட் இல்லாததால் நின்றது சுவர்க்கட்டும் பூச்சும். ஆகவே அந்தக் காரணம் அறிக்கையில் இருக்க வேண்டும், பூச்சுக்கு எதிரே. ஸ்லாபுக்கு எதிரே அதற்கு இடமில்லை. வாடிக்கையாளர் மாற்றங்களும் அப்படித்தான். முதல் மாடியில் மூன்று வீட்டுக்காரர்கள் சமையலறைச் சுவரைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். அது அந்த மூன்று வீடுகளைத் தாமதப்படுத்தலாம். மொட்டைமாடி ஸ்லாபை அது தொடவே இல்லை.

இன்னொன்று ஸ்லைடிலேயே இல்லாமல் இருந்தது. நவம்பர் 18ல் ஆட்கள் திரும்பிவிட்டார்கள், ஆனால் ஸ்லாபுக்கான கம்பி லாரி கேட் ரிஜிஸ்டரின்படி 24ஆம் தேதி மாலைதான் வந்தது. 7 நாள். மழை 8, ஊருக்குப் போனது 21, கம்பி 7. மொத்தம் 36. மீதி 9 நாளுக்கு எந்தப் பதிவேட்டிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சொன்னது, தெரிந்தது, தெரியாதது

இந்த இடத்தில் அறிக்கை எழுதுபவருக்கு ஒரு சோதனை வருகிறது. மீதி 9 நாளை மழையில் சேர்த்துவிட்டால் கணக்கு அழகாக முடியும். ‘நிர்வாகக் குறைபாடு’ என்று எழுதிவிட்டால் வாங்கியவர்கள் மகிழ்வார்கள். இரண்டும் செய்யக் கூடாது. ‘9 நாள்: காரணம் சொல்லப்படவில்லை’ என்று அப்படியே விட வேண்டும்.

காரணம் என்ற பத்தியைச் ‘சொல்லப்பட்ட காரணம்’ என்றே தலைப்பிட்டு எழுதுவது நல்லது. ‘மழையால் 30 நாள் தாமதமானது’ என்று எழுதினால் அது அறிக்கை எழுதியவரின் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. ‘மழை 30 நாள் என்கிறது ஸ்லைடு 19, மழையால் வேலை நின்றதாக டைரியில் 8 நாள்’ என்று எழுதினால் சொன்னவர் சொன்னதும் சான்று காட்டுவதும் தனித்தனியே நிற்கும். யார் சரி என்று தீர்ப்பு எழுதுவது சைட் அறிக்கையின் வேலை இல்லை. தீர்ப்பு எழுதுபவர் கையில் கொடுக்கும் தாள் அது.

ஏனென்றால் இந்தத் தாள் தீர்ப்பு வரைக்கும் போகலாம். 2016ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பதிவுக் காலத்தை நீட்டிக்கத் தகுந்த காரணங்களாகப் போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், அல்லது இயற்கையால் வரும் பிற பேரிடர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இவை தவிர, கட்டுபவர் மேல் தவறு இல்லாத நியாயமான சூழ்நிலைகளில் ஆணையம் மொத்தம் ஓராண்டுக்கு மிகாமல் நீட்டிக்கலாம். ஃபெஞ்சல் புயல் நின்ற நான்கு நாளும் ஆள் ஊருக்குப் போன 21 நாளும் இந்தச் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்பவை அல்ல. ஸ்லைடில் எல்லாம் ஒரே அளவுப் புள்ளிகளாக இருந்தன. அறிக்கையில் தனித்தனி வரியாக, தனித்தனித் தேதியோடு இருந்தால்தான் அந்த வேறுபாடு தெரியும்.

சதவீதத்துக்கும் இதே சட்டத்தில் வேலை இருக்கிறது. வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும், வேலை முடிந்த விகிதத்துக்கு ஏற்பத்தான் அதிலிருந்து எடுக்க முடியும். அந்த விகிதத்துக்கு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று தர வேண்டும். பிபிடியில் 75 என்று காட்டிய கட்டடத்துக்கு அந்தச் சான்றில் என்ன எண் எழுதினார்கள் என்று கேட்பதற்கு வாங்கியவர்களுக்கு ஒரு நல்ல காரணம் இதனால் கிடைக்கிறது.

கடைசியாக ஒப்படைப்புத் தேதி. ஸ்லாப் 45 நாள் தள்ளிப்போனது. ஸ்லாபுக்குப் பிறகுதான் நான்காம் மாடிச் சுவர், அதன் பிறகு பூச்சு, அதன் பிறகு டைல்ஸ். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. அப்படியிருந்தும் இருபத்து நான்காவது ஸ்லைடில் ஜூன் 30 அசையாமல் இருந்தது. அசையாமல் இருக்க முடியும், பின்னால் வரும் ஏதோ ஒரு வேலை 45 நாள் சுருங்கினால். எந்த வேலை, எத்தனை கூடுதல் ஆட்கள் என்பது ஸ்லைடில் இல்லை. இதே முறையில் அக்டோபர் கடைசியில் எண்ணியபோது 51 வந்திருந்தது. மூன்று மாதத்தில் 12 கூடியிருக்கிறது, மாதத்துக்கு 4. மீதி 37ஐ இதே வேகத்தில் முடிக்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். ஜூனுக்கு ஐந்து மாதம்தான். பல வீடுகளில் ஒரே நேரத்தில் வேலை நடக்கக்கூடிய கட்டம் இனிமேல்தான் வருகிறது என்பதால் வேகம் கூடலாம். ஆகவே இதை ஆரூடமாகச் சொல்லாமல் கேள்வியாக வைத்தோம்.

முடிந்த அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மேலே இருக்கும் பட்டியல். இரண்டாம் பக்கத்தில் தாமதம். அதன் நடுப்பகுதி இப்படி இருந்தது:

> வேலை: மொட்டைமாடி ஸ்லாப். திட்டத் தேதி 20.10.2024, போட்ட தேதி 4.12.2024. தாமதம் 45 நாள்.
> சொல்லப்பட்ட காரணம்: மழை, 30 நாள் (ஸ்லைடு 19). பதிவு: 8 நாள் (சைட் டைரி, அக். 15–18, நவ. 29–டிச. 2).
> சொல்லப்பட்ட காரணம்: ஆள் பற்றாக்குறை, 25 நாள் (ஸ்லைடு 19). பதிவு: 21 நாள் (வருகைப் பதிவு, அக். 28–நவ. 17).
> ஸ்லைடில் இல்லாதது: கம்பி வருகை, 7 நாள் (கேட் ரிஜிஸ்டர், நவ. 18–24).
> காரணம் சொல்லப்படவில்லை: 9 நாள்.
> எம்-சாண்ட், வாடிக்கையாளர் மாற்றங்கள்: இந்த ஸ்லாபைச் சேர்ந்தவை அல்ல, பூச்சு, முதல் மாடி வரிகளில் காண்க.
> கேள்வி: ஜூன் 30 மாறாமல் இருக்க எந்த வேலை 45 நாள் சுருங்குகிறது?

அடுத்த கூட்டத்தில் புரொஜெக்டர் இல்லை. எல்லார் கையிலும் அந்த இரண்டு தாள்கள். சைட் இன்ஜினியர் வரிவரியாக வாசித்துக்கொண்டே வந்தவர், ‘காரணம் சொல்லப்படவில்லை: 9 நாள்’ என்ற வரியில் நின்றார். ஆசிரியை எதுவும் கேட்கவில்லை, அவரைப் பார்த்தபடி இருந்தார்.

“அந்த ஒன்பது நாள் சென்ட்ரிங் ஷீட் இங்க இல்லம்மா. எங்களோட இன்னொரு சைட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. திரும்பி வந்தப்புறம்தான் அடிக்க ஆரம்பிச்சோம்.”

ஆசிரியை பேனாவை எடுத்து, அந்த வரிக்குக் கீழே எழுதினார்: ‘சொல்லப்பட்ட காரணம்: சென்ட்ரிங் ஷீட் வேறு சைட்டில். சொன்னவர்: சைட் இன்ஜினியர், வாய்மொழியாக, இன்று. பதிவு: இல்லை.’